‘கண்ணு’வுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஜூன் 3

மூக்கண்டப்பள்ளி அறை. ரிஃப்ளெக்ஷன் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. நர்சிங் மேற்படிப்புக்கு, வார்டில் நடந்த ஒன்றையும் அப்போது என் மனதில் ஓடியதையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இது இரண்டாம் தடவை. அடுத்ததும் திரும்பினால் இந்த வருடம் அவ்வளவுதான்.

எழுதியது கரியப்பனைப் பற்றி. பிரஸ் மெஷினில் விரல் துண்டாகி எங்கள் வார்டுக்கு வந்தவர். “The patient was reassured” என்று எழுதியிருந்தேன். யார் தேற்றியது, என்ன சொல்லி, என்று தாள் திருத்தும் ஜெயமணி மேடம் ஓரத்தில் கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே இன்னொன்று: அவர் உன்னை ‘டியர்’ என்றாரா? தவறாக நடந்துகொண்டாரா?

ஐயோ. அவர் அப்பா வயசுக்காரர். “விரல் எங்க கண்ணு?”ன்னுதான் கேட்டார். ‘கண்ணு’வுக்கு டியர்னு நானா போட்டேன். நல்ல மனுஷனைப் பொறுக்கியாக்கிட்டேன். எனக்கு நல்லா வேணும்!

ஜூன் 5

வேலைப் பேச்சைத் தவிர இன்று யாரோடும் ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 8

எழுத உட்கார்ந்தாலே பள்ளிக்கூட ஆங்கிலம் முந்திக்கொண்டு வருகிறது. Furthermore-ஆம். நான் என்றைக்கு அப்படி யோசித்தேன்?

போனில் ரெக்கார்டரைப் போட்டுச் சுவரிடம் தமிழில் சொன்னேன். பிறகு கேட்டுக் கேட்டு எழுதினேன். “எனக்கு அழுகை வந்துச்சு” — சொல்லுக்குச் சொல் மாற்றினால், அழுகை சூளகிரியில் பஸ் ஏறி வந்த மாதிரி இருக்கிறது. அதனால் வாக்கியத்தை விட்டுவிட்டு நடந்ததைப் பிடித்தேன். பஞ்சு எடுப்பதுபோலத் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சுலபமாக வந்தது.

நான் தேற்றவும் இல்லை. “கையை அசைக்காதீங்கப்பா” என்று மட்டும் சொன்னேன். அதையே எழுதினேன். ‘கண்ணு’வை அப்படியே விட்டு, எங்கள் பக்கம் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவது என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஜூன் 9

பழைய தாளில் “We felt sad” என்று இருக்கிறது. ரெக்கார்டிங்கில் ‘நாங்க’ இல்லை, ‘நாம’வும் இல்லை. அன்று டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். சௌமியா சிஸ்டர் ஷிப்ட் முடிந்து கிளம்பியிருந்தாள். We என்று போட்டால் பக்கத்தில் ஆள் இருந்த மாதிரி ஆகிவிடுகிறது. யாருடி இருந்தா அங்க?

அடித்துவிட்டு I என்று எழுதினேன். பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூன் 11

அனுப்பியாச்சு.

ஜூன் 16

மதியம் மேடமே போன் செய்தார். பாஸ் என்றார். இலக்கணப் பிழை கொஞ்சம் இருக்கிறதாம், திருத்தச் சொன்னார். சரிங்க மேடம் என்று வைக்கப் போனேன்.

“ரூபா, அன்னிக்கி நீ தனியாவா இருந்தே?”

நடந்து மூன்று மாதம் ஆகிறது. இதை ஒருத்தரும் கேட்டதில்லை. ஆமாங்க மேடம் என்றேன். அவர் போனை வைக்காமல் இருந்தார்.