மூன்றாவது சரணம்

மார்ச் 4, சனி

இன்றும் நாட்டிய வகுப்பில் திட்டு. முப்பத்தெட்டு வயதில் அரைமண்டியில் உட்கார்ந்து திட்டு வாங்குவதற்கு மாதாமாதம் கட்டணமும் கட்டுகிறேன்.

ஆண்டு விழாவுக்கு எனக்குக் கொடுத்திருப்பது ஒரு பதம், அபிநயம் பிடிக்கிற பழைய காதல் பாட்டு. ‘வந்த வழி தெரியலையோ சுவாமி’ என்று நாயகி கேட்கிறாள். டீச்சர் சொல்வது: அவள் ஜீவாத்மா, அவர் பரமாத்மா, முகத்தில் பக்தி வர வேண்டும். எனக்கு வருவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகம். பாட்டில் அவர் கழுத்தில் வேறொருத்தியின் சந்தனம் ஒட்டியிருக்கிறது. இதில் பரமாத்மா எங்கே வந்தார்?

இன்னொன்று. இரண்டு சரணம்தான் ஆடுகிறோம். என் நோட்டில் இரண்டாவதற்கு மேல் ‘2’ என்றும், கீழே ‘3’ என்று எழுதி அடித்தும் இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினது. மூன்றாவது எங்கே என்று இன்று கேட்டேன்.

“புத்தகம் படிக்கிறவங்களுக்குக் கால் நடக்காது. ஆடு.”

நான் இன்னும் ஒரு புத்தகமும் படிக்கவில்லையே!

மார்ச் 5, ஞாயிறு

சரி, படித்துவிடலாம்.

அக்கா வீட்டு அலமாரியில் நாட்டிய வரலாறு என்று ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. பளபளப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். “ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத கலை” என்று முதல் வரி. சிலை, சூரியோதயம், மறுபடி சிலை. யார் எண்ணிப் பார்த்தார்கள் ஐயாயிரத்தை? நான் பல் ஆய்வுக்கூடத்தில் பொய்ப்பல் செய்கிறவள். புதுசைப் பழசு மாதிரி நிறம் கூட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தின் பல் கொஞ்சம் அதிகமாகவே மின்னுகிறது.

மார்ச் 8, புதன்

வேலை முடிந்து நூலகம். நூலகர் அம்மா நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் அப்புறம் படிக்கலாம், முதலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள் என்றார். அடிக்குறிப்பு, நூற்பட்டியல். எந்த வரியை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்கிறார்களா, அவர்கள் அதை நேரில் பார்த்தவர்களா, பத்தாவது ஆள் சொன்னதைச் சொல்கிறார்களா?

அக்காவின் தடிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி மட்டும் இருந்தது.

மார்ச் 11, சனி

வகுப்புக்குப் போனேன். வாயை மூடிக்கொண்டு ஆடினேன். மூடி வைப்பது சிரமமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த நான்கு நாளில் தெரிந்துகொண்டது இவ்வளவு:

நாம் ‘ஆதியிலிருந்து’ என்று சொல்லும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்ற வரிசை சுமார் இருநூறு வருடத்தது, ஓர் அரசவையில் ஒழுங்கானது. பரதநாட்டியம் என்ற பெயர் பரவியதே 1930களில். அதற்கு முன் சதிர். ஒற்றைக்கை முத்திரை இருபத்தெட்டு என்று நம் வகுப்பில் சத்தியம் பண்ணாத குறை. பழைய பெரிய வடமொழி நூலில் இருபத்துநாலுதான். இருபத்தெட்டு பின்னால் வந்த சின்னக் கையேட்டின் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம்.

சதிர் ஆடியவர்கள் பரம்பரையாக ஆடிய பெண்கள். கோயிலிலும் அரண்மனையிலும் கல்யாண வீட்டிலும் ஆடினார்கள். பிறகு அவர்களைக் கேவலம் என்றார்கள், சட்டமும் வந்தது. அதே சமயம் அவர்களிடம் கற்றவர்கள் மேடைக்கு வந்தார்கள். பதங்களில் ‘கூடாத’ வரிகளைக் கத்தரித்தார்கள்.

கத்தரித்தார்கள்! பஸ்ஸில் இந்த வரியைப் படித்துவிட்டு என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

நூலகர் அம்மா வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்த பதத் தொகுப்பு. ஓர் ஆராய்ச்சியாளர் வெவ்வேறு ஓலை, கையெழுத்து நோட்டு எல்லாம் ஒப்பிட்டு, எந்தச் சொல் எதில் எப்படி மாறுகிறது என்று பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறார். நம் பதம் 112ஆம் பக்கத்தில். மூன்றாவது சரணம்:

“சந்தனம் காயுமுன் வந்தீரே – என்
சன்னலைப் பார்த்தே நின்றீரே
விளக்கை நானே அணைத்துக் கொள்வேன்…”

அவ்வளவுதான். அடியில் ஒரு குறிப்பு: ‘கடைசி அடி எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை.’

இருந்தாலும் போதும். இவள் அழவில்லை. பக்தியும் பண்ணவில்லை. அந்த ஆளை நிற்க வைத்து நக்கல் அடிக்கிறாள். இது தெரியாமல் ஒன்பது வருடமாக இவளுக்காக நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, சனி

தப்புப் பண்ணிவிட்டேனோ?

எல்லாரும் போன பிறகு 112ஆம் பக்கத்தை டீச்சர் முன்னால் விரித்தேன். அது தவறில்லை. கூடவே பேசினேன் – அதுதான். நம் விழா மலரில் ஐயாயிரம் வருடம் என்று போடுவது பொய், குரு பரம்பரை என்று நாலு ஆண்கள் பெயர் போடுகிறோமே, ஆடின பெண் ஒருத்தி பெயர்கூட இல்லையே, என்று. கேட்க வேண்டியதுதான், கேட்ட தோரணை வேண்டாததுதான்.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. தாளம் போடும் தட்டுக்கழியை உறையில் போட்டார். விழாவில் நான் ஆட வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் பண்ணி அழுதேன். “உன்னை யாருடி இதெல்லாம் கேக்கச் சொன்னாங்க, சும்மா ஆடிட்டு வரலாம்ல”ன்னு அவளும் சேர்ந்து போட்டா. போங்கடி.

மார்ச் 29, புதன்

இன்று ஒரு கடைவாய்ப்பல் மூன்று முறை பிசகிப்போயிற்று. பல்லுக்குத் தெரிகிறது, என் கவனம் இங்கே இல்லை என்று.

ஏப்ரல் 1, சனி

வகுப்புக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணி உட்கார்ந்திருந்தேன். டீச்சரே போன் பண்ணினார். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும்.

போனேன். கூடத்தில் யாரும் இல்லை. டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்குறிப்பை விரல் வைத்துப் படித்தார். ‘எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு, உட்கார்ந்தபடியே, சின்னக் குரலில் பாடினார். மூன்று அடியையும். அதன் பிறகு நாலாவது:

“கதவைச் சாத்தும் வேலையாவது கடைசி வரை நின்று செய்வீரோ?”

பாடும்போது டீச்சரின் புருவம் ஒன்று மட்டும் மேலே போயிற்று. அந்த ஒரு புருவத்தில் அந்த ஆள் நாசமாய்ப் போனான். இவருக்கா பக்தி!

யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். கிளியம்மா என்று ஒருவராம், டீச்சரின் கல்யாணத்துக்கு முன்பு, பின்வாசல் வழியாக வந்து ஏழு வருடம் சொல்லிக் கொடுத்தவர். முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று டீச்சரின் அப்பா உத்தரவு. மலரில் போடும் நாலு ஆண்களில் இரண்டு பேரை டீச்சர் பார்த்ததே இல்லையாம்.

“மூணாவதை மேடையில ஆடக்கூடாதுன்னாரு அப்பா. நானும் சரின்னுட்டேன். உன்னை எழுதச் சொல்லிட்டு, நாந்தான் அடிக்கச் சொன்னேன்.”

நான் ஏதாவது புத்திசாலித்தனமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, எழுந்து பாவாடையைக் கட்டினேன். சொல்லிக் கொடுங்கள் என்றேன்.

ஏப்ரல் 22, சனி

விழா. ஆடினேன். கதவு வரியில் முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகச் சிரித்தார், பக்கத்தில் அவர் மனைவி சிரிக்கவில்லை, அவரையே பார்த்தார். எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

மலரில் ‘ஐயாயிரம்’ இல்லை. அந்த இடம் காலியாக விட்டால் அசிங்கம் என்று ஒரு துணிக்கடை விளம்பரம் போட்டிருந்தார்கள். பொய்க்கு அதுவே தேவலை.

ஜூன் 10, சனி

ஏப்ரலிலேயே அந்த ஆராய்ச்சியாளருக்கு நாலாவது அடியை எழுதி அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. அடுத்த பதிப்பில் சேர்க்கிறாராம். பாடிக் கொடுத்தவர் யார், யாரிடம் கற்றார், முழுப்பெயர், ஊர், ஆண்டு எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தார். சரியான ஆள்.

வகுப்பில் டீச்சரிடம் காட்டினேன். தன் பெயர் வேண்டாம், கிளியம்மா பெயர் போதும் என்றார். இல்லை, பாட்டு வந்த வழி தெரிய வேண்டும், இரண்டும் வேண்டும் என்று நான் வாதாடி ஜெயித்தேன். முழுப்பெயர் என்ன என்று பேனாவை எடுத்தேன்.

டீச்சர் விரல் விட்டு எண்ணினார்.

“ஏழு வருஷம். நான் கேக்கவே இல்லையே.”

‘கிளியம்மா என்று அழைக்கப்பட்டவர். முழுப்பெயர் தெரியவில்லை’ என்று எழுதினேன். டீச்சர் படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, ‘தெரியவில்லை’யை அடித்துவிட்டு, மேலே தன் கையெழுத்தில் ‘கேட்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.