விருந்தாளி என்றொரு புனல்

12 ஆகஸ்ட் 2025

ஓவியர் சங்கத்துக் கண்காட்சி அறிவிப்பு அச்சாகி வந்தது. செயலாளர் நான், வாசகமும் என்னுடையது: தேர்வுக்குழு கிடையாது, பதிவு செய்த எவருடைய படைப்பும் வைக்கப்படும்.

என் வீட்டுக்காரர் ரோச் துறைமுகத்தில் இழுவைப்படகு என்ஜின் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டபடியே அதைப் படித்தார். இந்த விதி எங்கே பிடித்தது என்று கேட்டார். பள்ளியில் நான் வருஷாவருஷம் சொல்லும் கதைதான். முதல் உலகப்போர் நடக்கும்போது சூரிச்சில் ஒதுங்கிய கலைஞர்கள், இத்தனை பேரைக் கொல்லும் உங்கள் அறிவும் அழகும் எங்களுக்கு வேண்டாம் என்று தாதா இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே மனநிலை நியூயார்க்கிலும் இருந்தது. 1917-இல் மார்செல் துஷாம்ப் கடையில் ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பை வாங்கி, மல்லாத்தி வைத்து, ‘ஆர். மட்’ என்று வேறு பெயரில் கையெழுத்திட்டு, ‘நீரூற்று’ என்று தலைப்புக் கொடுத்து, தேர்வே இல்லாத ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். அதன் நிர்வாகக் குழுவில் அவரும் ஒருவர். குழு வாக்கெடுத்து அதை வைக்க மறுத்தது. அவர் விலகிவிட்டார்.

“அது அழகா இருக்குன்னா எடுத்தாரு?”

இல்லை என்றேன். பிடிக்கவும் கூடாது, பிடிக்காமலும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பொருளைத்தான் தேடினார். செய்ததில் இல்லை, தேர்ந்தெடுத்ததில்தான் கலை என்பது அவர் கட்சி.

“அதுல்லா கஷ்டம்” என்றார் ரோச்.

1 செப்டம்பர்

படங்கள் வந்து குவிகின்றன. எத்தனை கலங்கரை விளக்கம்!

6 செப்டம்பர்

இன்று ஒரு பார்சல். உள்ளே நீலப் பிளாஸ்டிக் புனல், கடையில் தொங்குகிற அதே புனல். கவிழ்த்து வைக்க வேண்டும் என்று குறிப்பு. விளிம்பில் கறுப்பு மையில் ‘பி. தாழை 2025’. தலைப்பு: ‘விருந்தாளி’.

தலைவர் எபனேசர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல மனிதர், தன் சேமிப்பில் சங்கத்தை நடத்துகிறவர். கேலி செய்கிறான், உள்ளே விட்டால் நாளை வாளியும் விளக்குமாறும் வரும் என்றார். குழுவில் மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

வைக்க வேண்டாம் என்று நானும் கை தூக்கினேன். ஊர் சிரிக்குமே என்ற பயம். புனலைத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் வைத்தோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, ரோச் கேட்டார்: “ஏளா எமில், புனல எங்கன வச்சிய?”

தாழை. அவர் ஊர் பெரியதாழை! எனக்கு ஏன் உறைக்கவில்லை?

கை தூக்கியதைச் சொன்னேன். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் — சே. கேலிக்கா செய்தீங்க என்று கேட்டேன்.

“கேலியா? ரொம்பத் தேடுனேன். வீட்ல ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன், எல்லாம் பிடிக்கி. நீ வாங்குனது, நீ தொட்டது. கடைசில கடைக்குப் போயி, ஒண்ணுமே தோணாத ஒண்ணா எடுத்தேன். நீ சொன்னத நெசமாவே செஞ்சு பாத்தேன், அவ்வளவுதான்.”

இத்தனை வருஷம் நான் சொன்னதை இப்படிக் கேட்ட மாணவர் யாருமில்லை.

7 செப்டம்பர்

பூசை முடிந்து நேராக எபனேசர் சார் வீடு. பி. தாழை யார் என்று சொல்லவில்லை. சொன்னால் புருஷனுக்காகப் பேசுவதாக ஆகிவிடும். விதியைக் காட்டினேன். கை படாதது கலையா என்றார். அவர் ட்யூபில் வாங்கும் வண்ணமும் ஆலையில் செய்ததுதானே, துஷாம்பே பின்னாளில் அப்படித்தான் கேட்டார் என்றேன். வண்ணத்தை நான் மாற்றுகிறேனே என்றார். நல்ல பதில். கவிழ்த்துத் தலைப்பிட்டதில் புனலும் மாறியது, அதில் இனி எண்ணெய் ஊற்ற நமக்குத் தோன்றாது என்றேன்.

அறிவிப்பை வாங்கி மறுபடி படித்தார். பிறகு: “எனக்குச் சம்மதமில்லம்மா. ஆனா எழுதிக் கொடுத்த வார்த்தைல்லா. வையுங்க.”

14 செப்டம்பர்

கண்காட்சி. கலங்கரை விளக்கங்களைப் பார்த்து ஜனம் நகர்ந்துவிட்டது. புனல் முன்னால்தான் சண்டை. நின்று சிரித்தவர்கள், திட்டியவர்கள். ஓர் அம்மாள், எங்க வீட்டுக்கு வரும் விருந்தாளியும் இப்படித்தான், ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருப்பாங்க என்றார். ரோச் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ செய்ததைப் பார்ப்பவர்போல. எனக்குச் சிரிப்பு, பெருமை, இரண்டும்.

5 அக்டோபர்

சங்கக் கூட்டம். இனி ‘சொந்தக் கையால் செய்த படைப்பு மட்டும்’ என்று விதியைத் திருத்தினார்கள். எதிர்த்தது நான் ஒருத்தி. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். எபனேசர் சார் வாசல்வரை வந்து, படம் வரைவதை நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

புனலை எடுக்கப் போனால், அரங்கக் காவலர் அதில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். தோன்றாது என்று நான் சொன்ன வாய்! வீட்டில் சொன்னதும் ரோச் கண்ணில் நீர் வரச் சிரித்தார். துஷாம்பின் கோப்பையும் தொலைந்துதான் போனது, புகைப்படம்தான் மிஞ்சியது, பிற்பாடு அவர் சம்மதத்தோடு பிரதிகள் செய்தார்கள் என்றேன். நாமும் அதேபோல் இன்னொரு புனல் வாங்குவோமா?

“முடியாது. இப்ப எனக்குப் புனலுன்னா ரொம்பப் பிடிச்சிப்போச்சே” என்றார்.