நீங்கள் சொல்லாமல் விட்டது

கடலூர் முதுநகர்,
தை 6.

திரு. கதிரவன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், வாங்கிக்கொள்ள நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் பிரிக்காமலே திருப்பித் தந்துவிடலாம், அதற்காக யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று கோர்ட் சமரச மையத்தின் சமரசர் இளவரசி மேடம் சொல்லியிருக்கிறார். பாதியில் நிறுத்தினாலும் சரிதான்.

நான் திருநாவுக்கரசு. போன ஆகஸ்டில் சிதம்பரத்தில் உங்கள் பிரவுசிங் சென்டருக்குள் வந்து உங்களை அடித்தவன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று கடிதம் ஆனது. முதல் கடிதத்தை வக்கீல் குமாஸ்தா எழுதினார், அதில் "நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன்" என்று இருந்தது. மேடம் படித்துவிட்டு, சம்பவம் தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்று கேட்டார். இரண்டாவதை நானே எழுதினேன். அதில் வந்த "ஆனால்" எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போட்டார். பதினொன்று இருந்தது. நான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர், இருபத்திரண்டு வருஷமாகச் சூட்டில் நிற்கிறவன், அதனால் கோபம் வந்துவிடும் என்று ஒரு பத்தி. அதை முழுசாக அடித்துவிட்டார். சூட்டில் நிற்கிற மற்றவர்கள் எத்தனை பேரை அடித்தார்கள் என்று கேட்டார். எனக்கு அந்த அம்மாள் மேல் நல்ல கோபம் வந்தது, மறைக்கவில்லை.

தொடக்கத்தில் "அன்புள்ள தம்பி" என்று போட்டிருந்தேன். அதற்கும் வட்டம். அந்த உறவை அவர் தந்தாரா, நீங்களே எடுத்துக்கொண்டீர்களா என்றார். அன்றைக்கு உங்களை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன். அதனால் "திரு" என்று எழுதியிருக்கிறேன்.

சந்திப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தனியாகச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி சொன்னார்களா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். நீதித்துறை நடுவர் ஐயா வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியது நாம் இருவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டதால்தான். எந்த நிமிஷத்திலும் நீங்கள் எழுந்து போகலாம். முதலில் பேசுவது நீங்கள், நான் குறுக்கே பேசக்கூடாது. உங்களோடு வீட்டார் ஒருவர் உட்காரலாம். வேண்டுமென்றால் மேடம் நம்மைத் தனித்தனி அறையில் வைத்தும் பேசுவார். அறைக்குள் பேசியதும் இந்தக் கடிதமும் கோர்ட்டுக்குப் போகாது. உடன்பாடு வந்தால் அதை மட்டும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நடுவருக்கு அனுப்புவார்கள். அவரும் உங்களை நேரில் கேட்பார், மனமார ஒத்துக்கொண்டதா, யாராவது நெருக்கினார்களா என்று. உடன்பாடு வரவில்லை என்றால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும். உங்களுக்கு அதில் ஒரு குறையும் வராது.

நெருக்குவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் என் மச்சான் தங்கராசு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தார் இல்லையா, அவரை அனுப்பியது நான்தான். ஊர் வழக்கப்படி பெரிய மனுஷனை அனுப்பிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜாமீனில் இருக்கிறவன் அடிபட்டவரிடம் ஆள் அனுப்புவதற்குப் பெயர் மரியாதை இல்லை, மிரட்டல் என்று மேடம் சொன்ன பிறகுதான் உறைத்தது. நீங்கள் பையைத் தொடாமல், "சார், கடைல கஸ்டமர் நிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னீர்களாம்.

இனி அன்றைக்கு நடந்தது. என் மகள் அறிவுமதி சிதம்பரத்தில் என் தங்கை வீட்டில் தங்கி பிளஸ் டூ படித்தாள். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன், முதல் ஏழும் கெமிக்கல். பாய்லர் ஓட்டுகிறவன் மகள் அதே கம்பெனிக்கு இன்ஜினியராக வர வேண்டும் என்று ஆசை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நீங்கள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள். ஒதுக்கீடு வந்தபோது கோயம்புத்தூரில் சிவில் என்று இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். பட்டியலை மாற்றியது யார் என்று கத்தினேன். நீங்கள் ஒரு தடவை எனக்குப் பின்னால் பார்த்தீர்கள். பிறகு, "லிஸ்ட்ல தப்பு நடந்துடுச்சு சார், அடுத்து என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றீர்கள். நான் வலது கையால் உங்கள் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். நாற்காலியோடு விழுந்தீர்கள். எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தீர்கள், ஏதோ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி. அதற்குப் பிறகும் நான் உங்கள் பிரிண்டரைத் தள்ளிவிட்டேன். ஊர் திரும்ப பஸ் ஏறும் முன்பே சொந்தக்காரர்கள் குரூப்பிலும் தொழிற்சங்கக் குரூப்பிலும் வாய்ஸ் போட்டேன். "அந்தக் கடைக்கு யாரும் போவாதீங்க, புள்ளைங்க வாழ்க்கையே கெட்டுப்பூடும்" என்று.

செவிப்பறை கிழிந்தது எனக்குக் குற்றப்பத்திரிகை நகல் வந்தபோதுதான் தெரியும். மூன்று மாதம் கழித்தும் மூடவில்லை, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஓர் அறைக்கு இவ்வளவா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது கடிதத்தை வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்றார் மேடம், பொய் இருக்கிற இடத்தில் நாக்கு தடுமாறுமாம். பொங்கலுக்கு அறிவுமதி வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் அவளையும் என் மனைவி மலர்க்கொடியையும் உட்கார வைத்துப் படித்தேன். "நீங்கள் பட்டியலைத் தவறாக ஏற்றியதால் நான் நிதானம் இழந்தேன்" என்ற இடம் வந்தது. என் நாக்கு தடுமாறவில்லை. அறிவுமதிதான் நிறுத்தச் சொன்னாள். "அவுரு மாத்தல. நாந்தாம்ப்பா மாத்தச் சொன்னேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பட்டியலை ஏற்றிவிட்டு நான் ஊர் திரும்பிய மறுநாள் தனியாகக் கடைக்கு வந்தாளாம். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்களாம். அவள் அழுதாளாம். பட்டியல் அவளுடையது, படிக்கப் போவதும் அவள், கெடு முடியும் முன் மாற்ற அவளுக்கு உரிமை இருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தீர்களாம். வீட்டில் இப்போது சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டதற்கு, நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லிவிடு என்றீர்களாம்.

அது எப்படி முடியும், என் போனுக்கு ஓடிபி வராமல் எப்படி மாற்றுவது என்று கேட்டேன். போனை எடுத்துத் தேடினேன். ஓடிபி வந்தது இருக்கிறது, அதே நாள் சாயந்தரம் நாலு பன்னிரண்டுக்கு. பிளாண்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, டீ நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்து லாக்கரில் எடுத்துப் பார்ப்பேன். அவள் கூப்பிட்டு ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கப்பா என்றாள். ஆறு எண்களையும் நானே ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

தட்டில் கரும்பு வெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. அன்று நீங்கள் எனக்குப் பின்னால் பார்த்தது திருட்டு முழி என்று ஐந்து மாதமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். எனக்குப் பின்னால் நின்றது என் மகள். "உங்க பொண்ணுதான் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறை உங்களுக்கு விழுந்திருக்காது. போலீஸில் கொடுத்த புகாரிலாவது சொல்லியிருக்கலாம், கடையின் பேராவது பிழைத்திருக்கும். நகலை எடுத்து மறுபடி படித்தேன். "பட்டியலில் ஏற்பட்ட பிழை தொடர்பான தகராறு" என்று ஒரு வரி. என் மகள் பெயரே அதில் இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க கைய பாத்தா எனக்கு எப்பவுமே பயம்ப்பா" என்றாள். நான் அவளை ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன். அதைச் சொல்லப் போகும்போது மலர்க்கொடியைப் பார்த்தேன். நான் எழுந்ததும் அவள் ஓரடி நகர்ந்து நின்றிருந்தாள். எப்போதும் அப்படித்தான் நகர்வாள், கல்யாணமாகி இருபது வருஷம், நான் அதைப் பார்த்ததே இல்லை.

மறுநாளே மேடத்துக்குப் போன் செய்து, அவர் மேல் தப்பே இல்லை மேடம், அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று பதறினேன். அவர், "அவரு நெஜமாவே தப்பா டைப் பண்ணியிருந்தா, அடிச்சது சரியா சார்?" என்று கேட்டார். ஐந்து மாதம் தப்பு யாருடையது என்பதையே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அடித்த கை என்னுடையது என்பதை ஒரு நாளும் பேசவில்லை.

அறிவுமதி மறைத்ததால் அடித்தேன் என்று இதை நீங்கள் படித்துவிடக் கூடாது. அவள் பெயரை எழுத அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். நீங்கள் தப்பு செய்திருந்தாலும், நூறு தப்பு செய்திருந்தாலும், உங்களை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அடித்தேன். உங்கள் காதைக் கெடுத்தேன். உங்கள் கடையைப் பற்றிப் பொய் பரப்பினேன்.

அதே குரூப்புகளில் உண்மையைச் சொல்லி வாய்ஸ் போட அன்றைக்கே போனை எடுத்தேன். மேடம் தடுத்தார். எதைச் சொல்ல வேண்டும், எங்கே சொல்ல வேண்டும், உங்கள் பெயர் மறுபடி அடிபட வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆபரேஷன் செலவு என் பொறுப்பு. தொகை எதுவும் இதில் போடவில்லை, போட்டால் விலை பேசுகிற மாதிரி இருக்கும் என்றார், சரிதான். நீங்கள் கேட்பதைச் சந்திப்பில் கேளுங்கள். மன்னிப்பு கொடுங்கள் என்று கேட்கவும் கூடாதாம், அது இன்னொரு சுமையை உங்கள் தலையில் ஏற்றுவதாம். அதனால் கேட்கவில்லை. வழக்கை நடத்துவதென்று நீங்கள் முடிவு செய்தாலும் நடுவர் முன்னால் இதையேதான் சொல்வேன். என் வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அறிவுமதி சந்திப்பு நடக்கும் அன்றைக்கு வெளியே பெஞ்சில் இருப்பாள். உங்களிடம் பேச வேண்டுமாம். நீங்கள் விரும்பாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவாள்.

கீழே வரும் வரிகளையும் மேடம் பென்சிலால் வட்டம் போட்டார். இவற்றை மட்டும் நான் எடுக்கவில்லை. இதற்கு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். அவள் இன்னொரு முறை உங்களிடம் வந்து, அப்பாவுக்குத் தெரியவேண்டாம் அண்ணா என்று ஏதாவது சொன்னால், தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள். அவளாக என்னிடம் வந்து சொல்கிறவரைக்கும் சொல்லாதீர்கள்.

நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உங்களை அடித்த
க. திருநாவுக்கரசு