பிரியாணிக்கு முந்தைய நாலு நிமிஷம்

என் உயிர் மச்சான் தாஸுக்கு,

வர்ற வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் நம் கிரிக்கெட் கிளப்பின் வருஷாந்திர விருந்து. வரவேற்புரையை இந்தத் தடவை நான் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் செக்ரட்டரி நீ எழுதிக் கொடுப்பாய். கேப்டன் நான் மைக்கைப் பிடித்து என் சொந்தச் சரக்கு மாதிரி வாசிப்பேன். அப்படியென்னடா அவசரம் உனக்கு?

லீவுக்கு அண்ணனூர் வந்தவன், உன் போன வருஷத்து உரையை போனில் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உன் கணக்கு எனக்கு மனப்பாடம். மொத்தம் நாலு நிமிஷம், அதற்கு மேல் போனால் பிரியாணி ஆறிவிடும். முதலில் ஜெர்சிக்கு ஸ்பான்சர் செய்தவர், அப்புறம் எதிர் டீம் கேப்டன்கள், அப்புறம் வெள்ளிக்கிழமைகளை நமக்கு விட்டுக்கொடுத்த வீட்டுக்காரிகள், பெயர் சொல்லி, ஒருத்தி விடாமல். புதுசாகச் சேர்ந்தவன் எழுந்து நின்று அம்பத்தூரா, ஆவடியா, பட்டாபிராமா என்று சொல்ல வேண்டும். ஊருக்கே திரும்பிப் போனவர்கள் பெயருக்கு எல்லாரும் கை தட்ட வேண்டும். "ஸ்கோரெல்லாம் சொல்லாத மாமே, பொம்பளைங்க கொட்டாவி உட்டுகினு கீறாங்க" என்பாய்.

கடைசியில் ஒரு சிரிப்பு. போன வருஷம் நீ எழுதியது இது: "நம்ம டீமில் மேட்ச்சுக்கு வராமல் இருக்க இரண்டே காரணம்தான் செல்லும். ஒன்று சொந்தக் கல்யாணம், இன்னொன்று சொந்தச் சாவு." ஹாலே குலுங்கியது. நீதான் முதலில் சிரித்தாய்.

கமிட்டியில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? உன் பெயரை ஊருக்குத் திரும்பியவர்கள் பட்டியலில் சேர்த்துவிடலாமாம். குழந்தைகள் வருகிற இடமாம், சந்தோஷமான நாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, மச்சான். திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்தக் கடைசி மேட்ச் அன்றைக்கு விடியற்காலையிலேயே அனல். மூன்று ஓவர் போட்டுவிட்டு என்னிடம் வந்தாய். "நெஞ்ச இன்னாவோ புடிக்குது மாமே. வேற யாருக்குனா குடு" என்றாய். நான் பந்தை உன் கையில் திணித்தேன். "ஒரே ஒரு ஓவர்டா. டீமுக்காக" என்றேன். ஐந்து பந்து போட்டாய். ஆறாவதுக்கு நடந்துபோனவன் ரன்னப் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருந்தாய். ஆஸ்பத்திரி வருவதற்குள் அந்தப் பிடி விட்டுப்போனது.

உன் உடலோடு நான் ஊருக்கு வந்தபோது உன் வீட்டுக்காரி கலா ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா இன்னாண்ணா சொன்னாரு?" எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தான் என்றேன். பொய்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் பெண் ட்யூஷனுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஷெட்டுக்குப் போகிற காலி ரயில் நின்றிருந்தது. உரையில் உன் பெயரைச் சொல்லலாமா என்று கலாவிடம் கேட்கத்தான் போனேன். "படிங்கண்ணா" என்றாள். படித்தேன். ஒற்றுமை, டீம் ஸ்பிரிட் என்று நான் எழுதியிருந்த வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். அந்த ஓவரைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை.

"நீங்க கேட்டா அவரு எப்டிண்ணா மாட்டேம்பாரு?"

அவள் செருப்பால் அடித்திருக்கலாம், மச்சான்.

நான் எழுந்தபோது, "அவரு போன்ல சொல்லி சிரிச்ச அந்த சாவு ஜோக்கு?" என்றாள். எடுத்துவிட்டேன் என்றேன்.

"எடுக்காதீங்க. அவரு எழுதுனது, அப்டியே படிங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அப்புறம் அவரு உங்ககிட்ட இன்னா கேட்டாரு, நீங்க இன்னா சொன்னீங்க, அதையும் அங்கயே சொல்லுங்க. டீமு ஆளுங்களோட ஊட்டுக்காரிங்கல்லாம் கேட்கணும்."

வாசல்வரை வந்தாள். வழக்கமாக "போய்ட்டு வாங்கண்ணா" என்பாள். நேற்று சொல்லவில்லை.

அதனால் நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். உன் உரையில் ஒரு வரியையும் மாற்றவில்லை. ஸ்பான்சர், கேப்டன்கள், பெண்கள், புதியவர்கள், எல்லாம் உன் வரிசைப்படிதான். ஊர் திரும்பியவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்காது. உன் ஜோக்கைப் படிப்பேன். சிரிப்பு அடங்கியதும் அந்த ஓவரைச் சொல்வேன். அப்புறம் அவர்கள் என்னைக் கேப்டனாக வைத்தாலும் சரி, வெளியே போ என்றாலும் சரி. பிரியாணி ஆறினால் ஆறட்டும்.

ஒரு சத்தியம், மச்சான். முடியவில்லை என்று இனி எவன் சொன்னாலும், அவன் கையிலிருந்து பந்தை நான் வாங்கிக்கொள்வேன். உன்னிடம் வாங்கியிருக்க வேண்டியது.

கலா இனியும் அண்ணா என்று கூப்பிடுவாளா என்று தெரியாத,
உன் மச்சான்
பாபு