தூண்டாமணி விளக்கு கிடைத்துவிட்டது

திருகோணமலை
1942 ஆவணி

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் வீரசிங்கம் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குண்டு விழுந்த துறைமுகத்தில் இப்போது வேலை அமைதியாக நடக்கிறது, பயப்பட வேண்டாம்.

காணாமல்போன நம் தூண்டாமணி விளக்கை இங்குள்ள மஹ்ரூப் காக்காவின் பித்தளைக் கடையில் கண்டேன். நாங்கள் பிறந்தபோதும் அப்பா இறந்தபோதும் எரிந்த அதே விளக்கு. தட்டுக்கு மேலே எண்ணெய் நிரப்பும் பித்தளை அன்னத்தின் சிறகில், ஒழுக்கை அடைக்க அப்பா வைத்த ஈயப்பற்று இருந்தது. எண்ணெய் நிரப்பி ஏற்றிப் பார்த்தேன். தட்டில் எண்ணெய் குறைந்து அன்னத்தின் அடித்துளை வெளிப்பட்டதும் காற்று உள்ளே போனது; அன்னத்தின் வயிற்றிலிருந்து எண்ணெய் தானே இறங்கி, துளை மூடியதும் நின்றது.

"இதை ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

"காரைநகர் கதிரவேல்தான் வித்தவர், தம்பி. தங்கட வீட்டு விளக்கெண்டு சொன்னவர்."

அண்ணன்தான், அம்மா. என் மனைவி இரத்தினேஸ்வரியை விளக்குத் திருடி என்று முற்றத்தில் நிறுத்திக் கேட்டவனும் அவன்தான். அவன் பேச்சை நம்பி நீங்கள் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

விளக்கை வாங்கி அவளிடமே அனுப்பியிருக்கிறேன். நீங்களே போய் அவளை அழைத்துவாருங்கள். அவள் கையால் கொஞ்சம் தேசிக்காய் ஊறுகாய் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தனியே இருந்து சாப்பிடச் சோறு இறங்குவதில்லை.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. அண்ணனைச் சுகம் விசாரித்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீரசிங்கம்