தேதி போடாத சுவரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, ஷிஜி எழுதுவது. ஆஸ்டலில் நான் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை வடசேரியில் அனிஷ் அண்ணன் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அச்சகத்துக்குப் போனேன். அவன் கல்யாண அட்டை அடிக்கிறான் என்றுதானே நினைத்தோம்? அவன் வேலை இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வீட்டார் தரும் படத்திலிருந்து முகத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி, கணினியில் தயாராக இருக்கும் கோட்டுப் போட்ட உடம்பில் பொருத்துகிறான். கழுத்தின் நிறத்தை முகத்தோடு ஒத்துப்போக மாற்றி, தாடைக்குக் கீழே நிழல் வைக்கிறான்.

அன்று குளச்சலிலிருந்து ஒரு அம்மா தன் தம்பியோடு வந்திருந்தார். அவருடைய மகனைக் கடலில் காணவில்லை. படத்தில் அவன் சட்டையில்லாமல் வள்ளத்தில் நின்று சிரிக்கிறான்.

"மறைவுத் தேதி மட்டும் போடாத மக்கா. இன்னும் தேடிட்டுதான் இருக்காவ," என்றார் அந்த அம்மா.

"போடு டே. நாளைக்கு சர்ச்சுல பூசைக்கு முந்தி ஒட்டணும்," என்றார் தம்பி.

அண்ணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். முதலாளி குனிந்து தேதியைத் தானே அடித்தார். நான்கு நிற மைக்கும் தனித்தனி அச்சுத் தகடுகள் எடுத்து மெஷினில் மாட்டினார்கள்.

"கோட்டு இல்லாத படம் ஒண்ணு எனக்குத் தருவியா மக்கா?"

அண்ணன் கோட்டை நீக்கினான். வெயிலில் கறுத்த தோள்கள் திரும்ப வந்தன. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் போனில் பேசினால் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்குத் தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். படிப்பு மணி அடிக்கிறது.

ஷிஜி