ஜாதிக்காய்க்குக் காத்திருந்தது

குற்றாலம்
20-1-1935

சௌபாக்கியவதி குழல்வாய்மொழிக்கு வேல்சாமி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீ இலஞ்சியில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று நீ சொல்லியனுப்பியதால் தபாலில் வருகிறேன். தபால்கார அய்யாக்குட்டி, "மூணு மைலுக்கு எதுக்கு அண்ணாச்சி தபாலு, நடந்தே போய்ச் சொல்லிட்டு வரலாம்லா" என்று கேலி செய்கிறான்.

ஒரு சந்தேகம். நீ வளர்த்த நாலு ஜாதிக்காய் மரத்தில் ஒன்றை நான் வெட்டினேன் அல்லவா? இரண்டு வருஷமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒரு காய் பிடிக்காத அந்த மரம். மற்ற மூன்றும் போன வருஷம் நாற்பது காய் தந்தன. இந்த வருஷம் மூன்றிலும் நன்றாகப் பூ வந்தது. ஆனால் ஒன்றுகூட நிற்காமல் எல்லாம் உதிர்ந்துவிட்டது. தினமும் கூட்டி அள்ளுகிறேன். என்ன உரம் வைக்கலாம்?

இப்படிக்கு,
வேல்சாமி


இலஞ்சி
3-2-1935

தோட்டக்காரர் வேல்சாமி அவர்களுக்கு,

எந்த உரம் வைத்தும் பிரயோஜனம் இல்லை. நீங்கள் வெட்டியது ஆண் மரம். ஜாதிக்காயில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். ஆண் மரம் கொத்தாகப் பூக்கும், காய்க்காது. அதன் மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தான் மற்றதில் காய் நிற்கும். பூக்கிற வரைக்கும் எது ஆண், எது பெண் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றினேன். மலைத்தோட்டத்தில் வேலை பார்த்த என் அப்பா சொல்லிக்கொடுத்தது இது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் இங்கே வந்தது மரத்துக்காக இல்லை. அரிவாளும் கையுமாக நின்று, "காய்க்காதது இங்கன எதுக்குட்டி?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம், மடியில் பிள்ளை இல்லை. நான் அதை எப்படி எடுத்துக்கொள்வேன்?

அடிமரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். வெட்டுவாயில் தண்ணீர் நிற்காமல் சரிவாகச் செதுக்கி, சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுங்கள். துளிர்த்தால் அதுவும் ஆண்தான், சந்தேகம் வேண்டாம். விதை போட்டால் இன்னும் ஏழெட்டு வருஷம், அதிலும் எது வரும் என்று சொல்ல முடியாது.

குழல்வாய்மொழி


குற்றாலம்
28-4-1935

குழல்வாய்மொழிக்கு,

துளிர்த்துவிட்டது! ஒன்பது துளிர். பார்த்ததும் அய்யாக்குட்டிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒன்பதும் மரமானால் தோட்டமே நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வளரட்டும் என்று நாலு மரத்தைச் சுற்றியும் ஆழமாகக் கொத்தி எரு வைத்தேன். இப்போது பெண் மரங்களில் இலை நுனி கருகுகிறது. சித்திரை வெயிலோ?

நீ எழுதிய மற்றதைப் படித்தேன். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

வேல்சாமி


இலஞ்சி
2-5-1935

தோட்டக்காரர் அவர்களுக்கு,

வெயில் இல்லை, உங்கள் மண்வெட்டி. ஜாதிக்காய்க்கு வேர் மேலேயே ஓடும். கொத்தினால் அறுந்துபோகும். இனி அந்தப் பக்கம் மண்வெட்டி போகக் கூடாது. காய்ந்த இலையை மரத்தடியில், மூட்டைச் சுற்றிப் பரப்பி, அதன்மேல் தண்ணீர் விடுங்கள். இலை மக்கினால் அதுவே எரு. வெயிலுக்கு மேற்கே நாலு வாழை வையுங்கள். ஒன்பது துளிரில் நேராக மேலே போகிற இரண்டை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வைத்தால் ஒன்றும் உருப்படாது.

பிறகு சும்மா இருங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

குழல்வாய்மொழி


குற்றாலம்
9-7-1936

அன்புள்ள மொழிக்கு,

சாரல் பிடித்துக்கொண்டது. அருவிக்கு வருகிற கூட்டம் நம் வேலிவரை நிற்கிறது. எனக்குக் குளிக்கப் போக நேரமில்லை. அடிமரத்தில் வந்த கிளை காற்றுக்கு மூட்டோடு பிளந்துவிடும் என்று உன் அண்ணனிடம் சொல்லியனுப்பினாயே, அதன்படி இரண்டுக்கும் கம்பு ஊன்றி வாழைநாரால் கட்டினேன். முதலில் இறுக்கிக் கட்டிவிட்டேன். பட்டையில் தழும்பு விழுந்ததைப் பார்த்துத் தளர்த்தினேன். மழைத் தண்ணீர் மூட்டில் நிற்காமல் வாய்க்கால் விட்டிருக்கிறேன், வேரைத் தொடாமல்.

சும்மா இருக்கப் பழகியதில் யோசிக்க நேரம் கிடைத்தது. அன்றைக்கு நான் மரத்தைத்தான் சொன்னேன். அது சத்தியம். ஆனால் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் அரிவாளைக் கழுவப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. பிள்ளை இல்லாத வருத்தம் நம் இரண்டு பேருக்கும் உள்ளது, அதை உன் தலையில் மட்டும் வைத்தது போல ஆகிவிட்டது. என்னை மன்னித்துவிடு. இதை எழுத ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை.

உன்,
வேல்சாமி


இலஞ்சி
20-7-1936

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். மதினி கேட்டதற்கு வெங்காயம் உரித்தேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒன்றும் கேட்காதீர்கள். எனக்கும் கொஞ்ச நாள் வேண்டும்.

வாழைநாரை மாதம் ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுங்கள்.

மொழி


குற்றாலம்
10-1-1938

என் அன்புள்ள மொழிக்கு,

கார்த்திகையில் ஆண் கிளை பூத்தது. இதை உனக்கு உடனே எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். பூத்ததை மட்டும் சொல்லி என்ன, பெண் மரத்தில் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றுவிட்டது! மூன்று மரத்திலும் மிளகுப் பருமனில் காய். எண்ணவில்லை, தொடவும் இல்லை. பழைய வேல்சாமி என்றால் ஒன்றைக் கிள்ளிப் பார்த்திருப்பான்.

ஆனாலும் நீ அவசரப்பட வேண்டாம். பிஞ்சு உதிரலாம். ஆடியில் பழுத்து வெடித்து, உள்ளே ஜாதிபத்திரி சிவப்பாகத் தெரியும்போது, முதல் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அண்ணன் வாசலுக்கு வந்து உன்னைக் கூப்பிடுகிறேன். அதுவரை பொறுத்திருப்பேன்.

உன்,
வேல்சாமி


இலஞ்சி
17-1-1938

என் அத்தானுக்கு,

நன்றாகப் பொறுத்தீர்கள். ஆடியில் யாராவது பெண்டாட்டியை அழைத்துப் போவார்களா? இந்த மூன்று வருஷமாக உங்களுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தே என்னிடம் இருந்தது தீர்ந்துபோய்விட்டது.

ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். போன ஐப்பசி விசுத் திருவிழாவுக்கு மதினியோடு அருவிக்கு வந்தேன். திரும்பும்போது வேலி ஓரமாக நின்று பார்த்தேன். நீங்கள் குனிந்து, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மரத்து மூட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். மண்வெட்டி சுவரில் துருப்பிடித்துத் தொங்கியது. அப்போதே உள்ளே வந்திருப்பேன். ஈரச் சேலையோடு எப்படி என்று மதினி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் வண்டி கட்டுகிறார். பிஞ்சு உதிரட்டும், நிற்கட்டும், நான் அதற்காக வரவில்லை. ஒரு காயும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு என்று இப்போது தெரியும்.

சோறு நான் வந்து வடிக்கிறேன். வெந்நீர் மட்டும் போட்டு வையுங்கள்.

உங்கள்,
மொழி